கடைசி வரியில் போட்டு உடைக்காமல் ஒரு குறுங்கதையை முடிப்பது எப்படி?

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 9, இரவு 9.40

500 வார்த்தைக்குள் ஒரு குறுங்கதை. முடிவில் திருப்பம் வேண்டும், ஆனால் அது சத்தம் போடக் கூடாது, படித்து முடித்த பிறகு மெல்ல உறைக்க வேண்டும். இதை எப்படித்தான் எழுதுகிறீர்கள்? நான் எழுதியதைத் தெரிந்தவர்களிடம் காட்டினால் ஒரு பாதி "நடுவுலயே தெரிஞ்சிடுச்சு" என்கிறது. மறு பாதி "முடிவு சூப்பர்" என்று சொல்லிவிட்டு மறுநாள் என்ன கதை என்றே மறந்துவிடுகிறது. இரண்டாவது ரகம்தான் எனக்கு அதிக எரிச்சல்.

கதை இதுதான். மகன் சிங்கப்பூரில். அம்மா நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்தில். தினமும் சாயங்காலம் போன் செய்து "தண்ணி வந்துச்சா?" என்று கேட்பான். "இன்னும் வரல" என்பாள். நாற்றங்கால் காய்கிறது, அவள் கவலைப்படுகிறாள். கடைசிப் பத்தி இப்படி:

"பாவம், மகனுக்குத் தெரியாது. அவனை வெளிநாடு அனுப்புவதற்காக அந்த நிலத்தை அவள் போன மாசியிலேயே விற்றுவிட்டாள் என்பது!"

தலைப்பு 'விற்ற நிலம்'. மொத்தம் 460 வார்த்தை வருகிறது.

கடைசிவரி | 2025 ஆகஸ்ட் 9, இரவு 10.15

தலைப்பிலேயே விற்றுவிட்டீர்களே, அப்புறம் எப்படித் தெரியாமல் இருக்கும்?

மற்றபடி கதையில் கோளாறு இல்லை. திருப்பம் என்றால் கடைசி வரியில்தான் இருக்க வேண்டும், அதற்கு முன் ஒரு துளிகூடக் கசியக் கூடாது. ஒரு பக்கக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து படிக்கிறேன், பழைய வார இதழ் கட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. கடைசி வரியில் தூக்கிவாரிப் போட வேண்டும். மகன், நிலம், விற்பனை எல்லாவற்றையும் மூடி வையுங்கள். ஒரே வரியில் திறங்கள்.

கடைமடை | 2025 ஆகஸ்ட் 10, காலை 6.05

தம்பி, தண்ணி வரவில்லை என்றால் எந்த வாய்க்கால்? உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்தீர்களா? எங்கள் பக்கம் (தலைஞாயிறு) தூர் வாராமல் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததால் போன வருஷம் பத்து நாள் தாமதம். ஊராரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால்தான் நடக்கும்.

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 10, காலை 8.30

அண்ணே, அது கதை. நிஜ வாய்க்கால் இல்லை.

கடைமடை | 2025 ஆகஸ்ட் 10, காலை 8.52

கதையாக இருந்தாலும் தண்ணி தண்ணிதானே. அப்படியென்றால் இன்னும் மோசம். நாற்றங்கால் காய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைமடையில் பெரும்பாலும் புழுதியில் நேரடி விதைப்புதான், சம்பா ஒரு போகம். நாற்றங்கால் விட்டுக் குறுவை நடுவது மேலே உங்கள் கும்பகோணம் பக்கம். அங்கே போர் செட் இருக்கிறது, வாய்க்காலில் தண்ணி வந்துச்சா என்று எவனும் சிங்கப்பூரிலிருந்து தினமும் போன் போட்டுக் கேட்க மாட்டான். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டாலும் பிரயோசனமில்லை. அதனால்தான் ஆற்றுத் தண்ணியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கதை கடைமடையில் நடந்தால் அந்தப் பையன் கேட்பதில் அர்த்தம் உண்டு. நாற்றங்காலை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. மேட்டூர் திறந்தால் அன்றைக்கே செய்தியில் வரும். ஜூன் 12-ல் திறந்தால் கல்லணையை மூன்று நாலு நாளில் திறப்பார்கள், அதுவும் வரும். பையன் கையில் போன் இருக்கிறது. அம்மா மாசக்கணக்கில் "வரல" என்று சொன்னால் நம்புவானா?

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 10, பகல் 2.20

கடைமடைக்காரர் கேள்வியைத் தப்பாகப் படித்தாலும் கதையைச் சரியாகப் படித்திருக்கிறார். அவர் கடைசியாகக் கேட்டதுதான் இந்தக் கதையின் பெரிய ஓட்டை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஒரு இதழில் வாசகர் கதைகளைப் பிரித்துப் படிக்கும் வேலையில் இருந்தவள். மூட்டை மூட்டையாக வரும். ஒரு பக்கக் கதையில் முடிவு எப்படி வரும் என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். பேசிக்கொண்டிருந்தவர் செத்துப் போனவர். எல்லாம் கனவு. 'அவள்' என்று உருகியது மனைவியை அல்ல, வளர்ப்பு நாயை. கண்ணழகி என்று வர்ணிக்கப்பட்ட பெண்ணுக்குப் பார்வை கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம், கடைசி வரியைத் தெரிந்துகொண்ட பிறகு கதையைத் திரும்பப் படிக்க ஒன்றுமே இருக்காது. எழுதியவர் ஒளித்து வைத்தார், பிறகு எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். உங்கள் நண்பர்கள் மறுநாள் மறந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு சோதனை செய்யுங்கள். கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். அதில் ஏதாவது இருக்கிறதா? ஒரு அம்மா, ஒரு மகன், வராத தண்ணீர். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் கதை முழுவதும் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது, மேலே இருக்கும் நானூறு வார்த்தையும் காத்திருப்பு.

அடுத்து இதைக் கேளுங்கள். முடிவில் விஷயம் தெரிந்துகொள்வது யார்? அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். மகனுக்குக் கடைசி வரை தெரியாது. வாசகர் ஒருவருக்குத்தான் தெரிகிறது, அதுவும் நீங்கள் நடுவில் புகுந்து "பாவம்" என்று காதில் சொல்வதால். சத்தம் போடாத திருப்பத்தில் அந்தக் குரல் இருக்காது. கதைக்குள் இருப்பவர்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். வாசகர் கொஞ்சம் பிந்தி வந்து, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தானாகப் பிடித்துக்கொள்வார்.

பெரிய சிக்கல் இன்னொன்று. முழுக் கதையையும் அனுப்ப முடியுமா? 'கவலைப்படுகிறாள்' என்று சுருக்கத்தில் எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது.

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 10, இரவு 9.05

அக்கா, தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். இங்கே அந்த வரி மட்டும்: "இன்னும் தண்ணீர் வரவில்லையே என்ற கவலை அவள் நெஞ்சை அரித்தது."

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 11, காலை 11.10

நினைத்தேன். இந்த வரி வெறும் பொய். நிலம் தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் எந்தக் கவலை நெஞ்சை அரிக்கிறது? அம்மா மகனிடம் பொய் சொல்லலாம், அது கதை. கதை சொல்லும் நீங்கள் வாசகரிடம் பொய் சொல்லக் கூடாது. அந்த இடத்தில்தான் வாசகர், "நம்மை ஏமாற்றினான்" என்று நினைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

வழி ஒன்றுதான். அவள் மனதுக்குள் போகாதீர்கள். நினைத்தாள், வருந்தினாள், மனம் கனத்தது என்று எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் அடியுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் என்ன தெரியும், என்ன கேட்கும், அதை மட்டும் எழுதுங்கள். அவள் கையில் என்ன, எங்கே நிற்கிறாள், என்ன சொல்கிறாள். மனதுக்குள் போகாதவரை எதையும் ஒளிக்க வேண்டிய அவசியமே வராது. உங்கள் கதையில் இப்படி அடித்தால் ஒரு நூறு வார்த்தை தானாகக் கழன்றுவிடும்.

கடைசிவரி | 2025 ஆகஸ்ட் 11, பகல் 1.30

மனசுக்குள் போகாமல் எழுதினால் கேமரா மாதிரி வறட்சியாக இருக்கும். வாசகனுக்கு அழுகை எப்படி வரும்? கடைசியில் காரணத்தைச் சொல்லாவிட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. "முடிவு புரியல, யாராவது விளக்குங்க" என்று கீழே கமென்ட் வரும். பார்த்துக்கொண்டே இருங்கள்.

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 11, பகல் 1.48

புரியாமல் போகும் ஆபத்து நிஜம், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதற்கு மருந்து, கடைசியில் விளக்கம் சேர்ப்பது இல்லை. முன்னாலேயே போதுமான பொருளை வைப்பது.

சிங்கப்பூர் ஷிப்ட் | 2025 ஆகஸ்ட் 11, இரவு 10.20

மன்னார்குடிக்காரன், இங்கே கப்பல் பட்டறையில் வேலை. இந்த இழையை டார்மிட்டரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படிக்கிறேன். சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். நான் வரும்போது ஏஜென்டுக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மா "நகைய வெச்சேன்" என்றது, நானும் நம்பினேன். ஊருக்குப் போனபோது கல்யாண வீட்டில் அந்த நகை அம்மா கழுத்தில் கிடந்தது. "மீட்டுட்டியா?" என்று கேட்டேன். சித்தப்பா பேச்சை மாற்றிவிட்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

எழுதுகிற தம்பிக்கு: இங்கேயும் ஊருக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். ஊரில் ஆறரை என்றால் இங்கே ஒன்பது. ஷிப்ட் முடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பேசுகிற நேரம் அதுதான். அப்புறம் இந்தக் காலத்தில் எல்லாரும் வீடியோ கால்தான், கதையில் ஏன் வெறும் போன்?

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 12, காலை 10.40

தம்பி, உங்கள் கதையை எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரையும் தூண்டப் போவதில்லை, அது உங்களுடையது. ஆனால் ஒரு நகை அங்கே இருப்பதே போதும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்பதை நீங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

சிங்கப்பூர் ஷிப்ட் | 2025 ஆகஸ்ட் 12, இரவு 9.30

எடுத்துக்கொள்ளட்டும் அக்கா. ஊர் பேர் மட்டும் வேண்டாம்.

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 14, இரவு 11.50

நன்றி அண்ணே. கழுத்து நகையைத் தோடாக்கிக்கொண்டேன். காரணம் போன். போனைக் காதில் வைக்கும்போது தோடு குறுக்கே வருவது இயல்பு, அதற்காகத் தனியாக ஒரு வரி தேட வேண்டியதில்லை. வீடியோவில் தோடு தெரிந்துவிடும், அதனால் அம்மாவிடம் பட்டன் போன்.

முதலில் "சிவப்புக் கல் பதித்த, பாட்டி கொடுத்த தோடு மாலை வெயிலில் மின்னியது" என்று எழுதினேன். வீட்டில் படித்த உடனே "தோட்டுல ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அடைமொழி கூடக் கூட வாசகர் அங்கேயே நின்று பார்க்கிறார். கல், பாட்டி, வெயில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது தோடு குத்துகிறது, அவள் போனைத் தள்ளிப் பிடிக்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது புதுத் தலைவலி. கதையில் இரண்டு ரகசியம் ஆகிவிட்டது. தோடு அடகில் இல்லை என்பது ஒன்று. தண்ணீர் வந்துவிட்டது என்பது இன்னொன்று. எதைக் கடைசியில் வைப்பது? இரண்டையும் கடைசியில் வைத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது.

கடைசிவரி | 2025 ஆகஸ்ட் 15, காலை 9.15

தோடுதான் கடைசியில். "அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். தோடு அங்கேயே இருந்தது." நச்சென்று இருக்கும்.

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 15, பகல் 12.05

நச்சென்றுதான் இருக்கும், அதில்தான் பிரச்சினை. காதைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு என்ன காரணம்? தோடு இருப்பது அவளுக்குத் தெரியாதா? வாசகருக்குக் காட்டுவதற்காகவே தொடுகிறாள். கதாபாத்திரம் நமக்காக ஒரு வேலை செய்தால் உடனே தெரிந்துவிடும்.

என் யோசனை: தோட்டை முதல் பத்தியில் வைத்துவிட்டு, நடுவில் மகன் வாயாலேயே "தோட்டை மீட்டுவிடலாம்" என்று வரட்டும். இடையில் பத்துப் பதினைந்து வரியாவது போக வேண்டும். ஒட்டி வைத்தால் கணக்கு மாதிரி ஆகிவிடும். கூர்ந்து படிப்பவர் அந்த இடத்திலேயே திடுக்கிடுவார், மற்றவர் கடந்து போவார். போகட்டும். கடைசியில் தண்ணீர். அதுவும் "வாய்க்கால் நிறைய ஓடியது" என்று நீங்கள் சொல்லாமல், தண்ணீர் இருந்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு காரியமாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்த வாசகர் "ஏன் பொய் சொன்னாள்?" என்று மேலே திரும்புவார். அங்கே தோடு காத்திருக்கும். திரும்பிப் போக இப்படி ஒரு காரணம் இருந்தால் கதை மறக்காது.

கடைமடைக்காரர் அண்ணே, உங்கள் ஓட்டைக்கு வருவோம். மேட்டூர் திறந்தது மகனுக்குத் தெரியும். அப்படியும் அம்மா பல வாரம் "வரல" என்று சொல்ல வழி உண்டா?

கடைமடை | 2025 ஆகஸ்ட் 15, மாலை 5.40

உண்டு, தாராளமாக உண்டு. "ஆத்துல வருது, நம்ம வாய்க்காலுக்கு முறை வரல" என்று சொன்னால் போதும். தண்ணி குறைவான வருஷத்தில் முறை வைத்துத்தான் விடுவார்கள், ஒரு ஆற்றுக்கு இத்தனை நாள், அடுத்ததற்கு இத்தனை நாள் என்று. கடைசி வாய்க்கால்காரன் முறை வந்தும் தண்ணி வராமல் உட்கார்ந்திருப்பான். அதைச் சிங்கப்பூரிலிருந்து எந்தச் செய்தியிலும் சரிபார்க்க முடியாது.

எந்த வருஷம் என்று கதையில் போடாவிட்டாலும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், தண்ணி தாராளம், அந்த வருஷம் இந்தப் பொய் எடுபடாது. 2024-ல் திறந்ததே ஜூலை 28. அப்போது தண்ணி வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி, ஆகஸ்டு தொடக்கத்தில் வெள்ளமாகவே வந்தது. 2023 தான் தோது. ஜூன் 12-ல் முறைப்படி திறந்தார்கள், ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வரவில்லை, அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். அந்த வருஷம் கடைமடைக்காரன் "வரல" என்றால் உலகமே நம்பும்.

நேரடி விதைப்பு என்றேன் அல்லவா, விதை நெல்லுக்குப் பணம் அனுப்பவா என்று பையன் கேட்கட்டும். அதுதான் அவன் கேட்கக்கூடிய கேள்வி.

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 17, இரவு 10.30

அண்ணே, நீங்கள் கதை எழுதியிருக்க வேண்டியவர்.

திருத்திய வடிவம் கீழே. தலைப்பு 'ஆறரை மணி'. எதையும் சொல்லாத தலைப்பாக இருக்கட்டும் என்று வைத்தேன்.

---

சிக்னல் படித்துறையில்தான் கிடைக்கும். ஆறேகாலுக்கே குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பட்டன் போன். தோடு குத்தும் என்று காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே பிடித்துக்கொண்டாள்.

"சாப்ட்டியா தம்பி?"

"ஆச்சும்மா. தண்ணி வந்துச்சா?"

"எங்க. ஆத்துல வருதாம். நம்ம வாய்க்காலுக்கு முறை வரல."

"போன வாரமும் இதத்தான சொன்ன?"

"வாய்க்கா லஸ்கர்ட்ட கேட்டேன். வியாழக்கெழம பாக்கலாங்குறாரு."

"வெத நெல்லுக்குப் பணம் அனுப்பவா?"

"இப்ப எதுக்கு? வரட்டும்."

அக்கரையில் எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பழைய மண்வெட்டிதான், புதுப் பிடி போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன், சொல்லு."

"அடுத்த மாசம் ஓவர்டைம் காசு வரும். மொதல்ல தோட்ட மீட்ருவோம்."

"அதுக்கென்ன அவசரம்."

"மூளிக் காதோட நீ நிக்கிறத நெனச்சா ஒரு மாதிரியா இருக்கும்மா. நல்லது கெட்டதுக்குப் போவ வேணாமா?"

"நான் எங்க போறேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"என்னம்மா அது சத்தம்? தவளையா?"

"டிவி. பக்கத்து வீட்ல."

"சரி. வந்தா ஒடனே சொல்லு."

"சொல்றேன் தம்பி. வச்சிடுறேன்."

போனை மடியில் செருகினாள். படியை விட்டு நகர ஆரம்பித்திருந்த குடத்தை ஒரு காலால் அணைத்து நிறுத்திவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

---

460 இருந்தது, 150-க்கும் கீழே வந்துவிட்டது. 500 வரை போகலாமே என்று கை அரிக்கிறது. அப்பா செத்ததைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமா?

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 18, காலை 11.30

வேண்டாம். 500 என்பது மேல் வரம்பு, நிரப்ப வேண்டிய குடம் அல்ல. தமிழில் இன்னும் இடம் அதிகம். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் 500-இல் சொல்வதைத் தமிழில் 350 சொச்சத்தில் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் நமக்கு 500 என்பது கொஞ்சம் நீளமான கதைதான்.

குடம் நன்றாக இருக்கிறது. முதல் வரியில் அது வெறும் சாக்கு, கடைசியில் மிதக்கிறது. பிளாஸ்டிக் குடம் என்று ஒரு சொல் சேர்க்கலாமா என்று யோசித்தேன், பித்தளைக் குடம் என்று யாராவது நினைத்தால் நகராது. ஆனால் இன்றைக்குப் பித்தளைக் குடத்தோடு யார் போகிறார்கள்? விட்டுவிடுங்கள்.

மண்வெட்டி எனக்கு இன்னும் சந்தேகம். "பழைய மண்வெட்டிதான்" என்பதில் 'தான்' கொஞ்சம் கண்ணடிக்கிறது.

கடைசிவரி | 2025 ஆகஸ்ட் 18, பகல் 12.10

"நகரஆரம்பித்திருந்தகுடத்தை" என்று சேர்த்து எழுதினால் ஒரே வார்த்தை. இப்படியே போனால் முழு நாவலை 500-க்குள் அடக்கலாம்.

கதைக்கு வருகிறேன். தண்ணீர் இருக்கிறது என்பது புரிந்தது. ஏன் பொய் சொன்னாள் என்பது எனக்கு இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. என் மனைவிக்கு முதல் முறையே புரிந்துவிட்டது, தோடு என்றதும் பிடித்துக்கொண்டாள். என் மைத்துனருக்கு இன்னும் புரியவில்லை. தவளைக் கதை என்கிறார். மூன்றில் ஒருவர் தேறவில்லை, இது பரவாயில்லையா?

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 18, மாலை 4.25

இந்த விகிதம் மோசமில்லை. ஆனால் "புரிந்ததா, பிடித்ததா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். ஒரு நாள் கழித்து, "அந்த அம்மா ஏன் அப்படிச் சொன்னாள்?" என்று மட்டும் கேளுங்கள். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் கதை அதிகமாகச் சொல்லிவிட்டது. ஆளுக்கு ஒரு கதை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றால் பொருள் போதவில்லை. நிலம் கைவிட்டுப் போனது என்பதில் எல்லாரும் ஒத்துப்போய், அதற்கு மேல் சண்டை போட்டுக்கொண்டால் சரியான அளவு.

உங்கள் மைத்துனருக்காக வேண்டுமானால் மண்வெட்டிக்காரரை வரப்பில் நடக்க வைக்கலாம். கடைசியில் விளக்கம் மட்டும் வேண்டாம்.

சிங்கப்பூர் ஷிப்ட் | 2025 ஆகஸ்ட் 18, இரவு 9.50

அந்தப் பையனுக்குத் தெரியும்.

சிக்னல் படித்துறையில்தான் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா, அவன் ஊர்தானே? படித்துறையில் நிற்கிற அம்மா "டிவி, பக்கத்து வீட்ல" என்கிறது. படித்துறைக்கு ஏது பக்கத்து வீடு? அவன் "சரி" என்கிறான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் "சரி"யை நானும் சொல்லியிருக்கிறேன்.

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 18, இரவு 11.15

அண்ணே, நான் அதை யோசித்தே எழுதவில்லை. டிவி என்பது சும்மா வாயில் வந்த பதில். இப்போது படித்தால் முதுகு சில்லிடுகிறது. 'சரி'க்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, "அவன் கொஞ்சம் தயங்கினான்" மாதிரி ஏதாவது சேர்த்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே?

பழைய திருத்தி | 2025 ஆகஸ்ட் 19, காலை 10.00

தொடாதீர்கள். தயங்கினான் என்று போட்ட நிமிஷம் அது உங்கள் திட்டமாகிவிடும், ஒரே பதில்தான் மிஞ்சும். தவிர, கதை நெடுகிலும் நாம் அம்மா பக்கத்தில் நிற்கிறோம். அவன் முகம் நமக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் அவனுக்குத் தெரியும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்தவன் "மூளிக் காதோட" என்று சொல்ல மாட்டான். அது நிஜமாக வருந்துகிறவன் பேச்சு.

சிங்கப்பூர் ஷிப்ட் | 2025 ஆகஸ்ட் 19, இரவு 9.40

தெரிந்தவன்தான் அக்கா அப்படிச் சொல்வான். மீட்டுத் தருகிறேன் என்று சொன்னால் அம்மாவே வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடுமோ என்று பார்க்கிறான்.

கடைசிவரி | 2025 ஆகஸ்ட் 19, இரவு 10.05

நான் பக்கம் மாறவில்லை, கடைசி வரியில் அடிக்கும் கதைதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு தவளைக்காக இரண்டு பேர் இப்படிச் சண்டை போடுவதைப் பார்த்ததில்லை.

கடைமடை | 2025 ஆகஸ்ட் 20, காலை 6.15

சண்டைக்கு நடுவில் ஒன்று. நிலம் யார் பேரில்? அப்பா இல்லை என்று தம்பி சொன்னார். அப்பா பேரில் இருந்து, உயில் இல்லாமல் அவர் போயிருந்தால், மகனும் வாரிசு. மகன் கையெழுத்து இல்லாமல் பத்திரம் முடியாது. அப்படியென்றால் அவனுக்குத் தெரியும், சிங்கப்பூர்க்காரர் சொல்வது சரி. அவனுக்குத் தெரியக் கூடாது என்றால் நிலம் அம்மா பேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்கவே இல்லை, ஒத்திக்கு விட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் பாதி ஒத்தி வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வதுதான்.

அரசலாற்றங்கரை | 2025 ஆகஸ்ட் 21, இரவு 10.45

விற்றதா ஒத்தியா என்பதைக் கதை எங்கேயும் சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும். யார் பேரில் என்பதை மட்டும் மகன் பேச்சில் ஏற்றிவிட்டேன்: "தாத்தா ஒனக்கு எழுதிக் குடுத்த மூணு மாவுக்கு வெத நெல்லு எவ்ளோ ஆவும், பணம் அனுப்பவா?" மூன்று மா என்றால் ஒரு ஏக்கர், அந்தப் பக்கத்துக்கு அளவும் பொருந்துகிறது. மண்வெட்டியில் 'தான்' போய்விட்டது. தவளையும் டிவியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நாளைக்கு அனுப்பப் போகிறேன், யாருக்காவது ஏதாவது உறுத்தினால் இப்போதே சொல்லுங்கள்.

கடைமடை | 2025 ஆகஸ்ட் 22, காலை 5.55

எந்த லஸ்கரும் "வியாழக்கெழம பாக்கலாம்" என்று நாள் குறித்துச் சொல்ல மாட்டார். "மேலேர்ந்து உத்தரவு வரணும்" என்றுதான் சொல்வார். அதை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.